கிரான் பாலத்துக்கு மேலால தண்ணி போனா ஊருக்கு எப்பிடிப் போறது: போட்டா, சுத்துப்பாதையா, காத்திருக்கிறதா?

மாரி தொடங்கினா வெள்ளவத்தையில இருக்கிற எங்கட ஊர்ச்சனத்துக்குள்ள ஒரே ஒரு கேள்விதான் சுத்தும், "கிரான் பாலம் எப்பிடியாம்?" எண்டு. ஆரோ ஒராள் "மூடிட்டாங்களாம்" எண்டுவார், இன்னொராள் "இல்ல இல்ல மெசின் போகுதாம்" எண்டுவார், கடைசியில ரெண்டு பேர் சொன்னதும் உண்மையா இருக்கும், ஏனெண்டா ஒராள் கேட்டது காலமை, மத்தவர் கேட்டது பின்னேரம். இப்பிடிக் கேள்விப்பட்டுக் கேள்விப்பட்டே பஸ் ஏறி, கரையில போய் நிண்டு முழிச்சு, திரும்பி வந்த அனுபவம் எனக்கு ரெண்டு தரம் இருக்கு. மூண்டாவது தரம் கொஞ்சம் கணக்குப் பாத்துப் போனன், அதைத்தான் இங்க முழுசா எழுதுறன்.

தெரியாத ஆக்களுக்கு இடத்தைச் சொல்லிடுறன். மட்டக்களப்பு மாவட்டத்தில வாழைச்சேனையில இருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போற வழியில வாறது கிரான். அங்க மெயின் ரோட்டில இருந்து உள்ளுக்க கிறுகினா புலிபாய்ந்தகல் போற வீதி, அந்த வீதியில ஆத்துக்கு மேலால ஒரு பதிஞ்ச பாலம். கோடையில போய்ப் பாத்தீங்கெண்டா இதுக்கெல்லாமா பாலம் எண்டு சிரிப்பீங்க, மணலும் நடுவில கொஞ்சம் தண்ணியும் அதுக்க நாலு மாடும்தான் நிக்கும். நவம்பர்ல வடகீழ் பருவமழை பிடிச்சு முந்தனை ஆறு பெருகினா அதே இடம் கடல் மாதிரி. பாலம் மட்டுமில்ல, அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற ரோட்டும் சேந்து தாண்டுபோகும். அப்ப அங்கால இருக்கிற ஊர்கள் எல்லாம் தீவுதான், ஜனவரி மட்டும் தாழுறதும் தெரியிறதுமா மாறி மாறி நடக்கும்.

கொழும்பை விட்டு வெளிக்கிட முதல்

முதல்ல கேக்க வேண்டியது "தண்ணி இருக்கா" எண்டு இல்ல. தண்ணி இருக்கும்தான், மாரியில வேற என்ன இருக்கும். நீங்க எப்ப அங்க நிண்டே ஆகணும் எண்டதை முதல்ல முடிவெடுங்க, அந்த நேரத்தில இருந்து பின்னுக்கு எண்ணி வாங்க. எங்களுக்கு அந்த முறை அம்மம்மாட முப்பத்தோராம் நாள், திங்கக்கிழமை காலமை 9 மணிக்குக் கிரியை தொடங்கணும். அதைத் தள்ளி வைக்க ஏலாது. சும்மா லீவுக்குப் போறதெண்டா இந்தக் கட்டுரையே தேவையில்ல, காத்திருங்க, அவ்வளவுதான்.

அடுத்தது ரெண்டு போன் கோல். ஒண்டு இந்தக் கரையில, கிரான் சந்திப் பக்கம் கடை வச்சிருக்கிற ஒராளுக்கு. மத்தது அந்தக் கரையில ஊருக்குள்ள இருக்கிற ஒராளுக்கு. ஒரு பக்கம் மட்டும் கேட்டா பாதிக்கதைதான் வரும். ஊருக்குள்ள இருக்கிற மாமாவுக்கு பாலத்தில தண்ணி எவ்வளவு எண்டு தெரியாது, கடைக்காரருக்கு அங்கால இறங்கினா ஏத்திட்டுப் போக மெசின் நிக்குதா எண்டு தெரியாது. மெசின் எண்டது உழவு மெசின், எங்கட பக்கம் ட்ரக்டருக்கு அதுதான் பேர்.

கேக்கிற கேள்வியும் சரியா இருக்கணும். "நிலமை எப்பிடி?" எண்டா "பரவாயில்ல மனே, வரலாம்" எண்டு அன்பில சொல்லிப் போடுவாங்க, உங்களக் காண ஆசையில. அதால நான் கேக்கிறது இப்பிடி: ராத்திரி இருந்ததை விட இப்ப தண்ணி கூடவா குறையவா? கடைசியா எந்த வாகனம் கடந்திச்சு, எத்தின மணிக்கு? போட் ஓடுதா, எந்த இடத்தில இருந்து ஓடுது, கடைசிப் போட் எத்தின மணிக்கு? இதில முதல் கேள்விதான் முக்கியம். இடுப்பளவு தண்ணி வத்திக்கொண்டு இருக்கிறது, முழங்காலளவு தண்ணி ஏறிக்கொண்டு இருக்கிறதை விட நல்லது.

ஊர்ல வெயில் எறிக்குது எண்டதை வச்சும் நம்பக் கூடாது. அங்க ஏறுற தண்ணி அங்க பெய்ஞ்ச மழையில வாறது கொஞ்சம்தான், மேல மகாஓயாப் பக்கம் பெய்ஞ்சதும் வழியில குளங்கள்ல வான்கதவு திறந்ததும்தான் பெரிசா வாறது. மேல ராத்திரி அடிச்ச மழை எங்கட பாலத்துக்கு வந்து சேர எப்பிடியும் அரை நாள் தொடக்கம் ஒரு நாள் எடுக்கிறதை நான் கண்டிருக்கன். அதால கிரான்ல மழை விட்டிட்டுதா எண்டு கேக்காம, மகாஓயாவில மழை விட்டிட்டுதா, உறுகாமக் குளத்தில வான் பாயுதா எண்டு கேளுங்க. மட்டக்களப்பு நியூஸ் போடுற பேஸ்புக் பக்கங்கள்ல வான்கதவு செய்தி உடன வரும்.

இன்னொண்டு, கொழும்பில இருந்து போறவனுக்கு ஆறு கிரான்ல தொடங்கிறதில்ல, அதுக்கு முதல் மகாவலி இருக்கு. பொலன்னறுவையால போற ரோட்டில மன்னம்பிட்டிக்குக் கிட்ட கல்லெல்லையில மகாவலி பெருகினா மெயின் ரோட்டையே மூடிடுவாங்க. மன்னம்பிட்டி நீர்மட்டம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின்ட அறிக்கையில வரும், அதில இப்ப எவ்வளவு, வெள்ளமட்டம் எவ்வளவு, ஏறுதா இறங்குதா எண்டு மூண்டும் இருக்கும், dmc.gov.lk இல பாக்கலாம், இல்லாட்டி 117க்கு அடிச்சுக் கேக்கலாம். அது மூடினா கிரானைப் பத்தி யோசிச்சுப் பிரயோசனமில்ல, முதல்ல பஸ்ஸுக்கு வேற ரூட் பாக்கணும்.

கரைக்குப் போனதும் செய்யிற முதல் வேல: தடி நடுறது

நாங்க வெள்ளிக்கிழமை நைட் பஸ்ஸில வெளிக்கிட்டு சனிக்கிழமை விடிய 5 மணிக்கு கிரான்ல இறங்கினம். நான், அம்மா, தங்கச்சி, தங்கச்சிட 7 வயசு மகன். அம்மாக்கு முழங்கால் வருத்தம், சீனியும் இருக்கு. சாமான் எண்டு பாத்தா 50 கிலோ அரிசி மூட்டை ஒண்டு, மரக்கறி ரெண்டு உரப்பை, ரெண்டு பெரிய பானை, உடுப்பு பேக்குகள். கரையில ஏற்கனவே ஒரு இருபது முப்பது பேர் நிண்டாங்க.

எல்லாரும் நேரா போட்டுக்குத்தான் ஓடுவாங்க. நான் முதல் செய்தது ரோட்டில தண்ணி வந்து முட்டுற இடத்தில ஒரு தடி நட்டது. வேலிக்கம்புதான், கத்தியால ஒரு வெட்டு, தண்ணி நிக்கிற மட்டத்தில. அலை வந்து அடிக்காத ஒரு ஓரமாப் பாத்து நடணும், இல்லாட்டி போட் ஒண்டு போனாலே மட்டம் ஆடும். நேரத்தை போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சன், 6 மணி. பக்கத்தில நிண்ட ஒரு அண்ணன் "என்ன தம்பி கொழும்பில இருந்து வந்து தண்ணிக்குப் பொட்டு வைக்கிறீங்களா" எண்டு நக்கலடிச்சார், பிறகு 8 மணிக்கு அவர்தான் வந்து "இறங்கியிருக்கா?" எண்டு கேட்டவர்.

ரோட் சரிவா தண்ணிக்குள்ள இறங்கிறதால தண்ணி விளிம்பு பின்வாங்கிறது ஆளை ஏமாத்தும். விளிம்பு ரெண்டு முழம் பின்னுக்குப் போயிருக்கும், ஆனா மட்டம் ரெண்டு விரல்தான் குறைஞ்சிருக்கும். அதால விளிம்பைப் பாக்காதீங்க, தடியில இருக்கிற வெட்டைப் பாருங்க.

9 மணிக்கு வெட்டுக்கும் தண்ணிக்கும் இடையில அங்குலக் கணக்கில 2. அதாவது 3 மணித்தியாலத்தில 2 அங்குலம். அடுத்தது ரோட்டில ஆழமான இடத்தில தண்ணி எவ்வளவு எண்டது தெரியணும், அதுக்கு இறங்கிப் பாக்கக் கூடாது, அப்பத்தான் கடந்து வந்த மெசின்காரரக் கேட்டன். "பெரிய சில்லுல அரைவாசிக்கு நிக்குது" எண்டார். மெசின்ட பின்சில்லு அஞ்சு அடி உயரம் எண்டா அரைவாசி ரெண்டரை அடி, 30 அங்குலம். மெசின் சில்லு நல்ல அளவுகோல், ஊர்ல எல்லாரும் அதாலதான் சொல்லுவாங்க.

காத்திருக்கிறதுக்கும் கணக்கு இருக்கு

காத்திருக்கிறது எண்டா சும்மா இருக்கிறது எண்டு நினைக்கிறம், அதுக்கும் ஒரு மணிக்கணக்கு போடலாம். ரோட்டில 6 அங்குலத்துக்குக் கீழ வந்தாத்தான் நான் வாகனத்தில கடக்கிறதைப் பத்தி யோசிப்பன், அதுக்கு மேல ஓடுற தண்ணி வளந்த ஆளையே தட்டி விழுத்தும், ஒரு அடி ஓடுற தண்ணியில சின்னக் கார் மிதக்கத் தொடங்கும், ரெண்டு அடியில பெரும்பாலான வாகனங்கள் அள்ளுப்பட்டுப் போகும். 30ல இருந்து 6க்கு வர 24 அங்குலம் இறங்கணும். 3 மணித்தியாலத்துக்கு 2 அங்குலம் எண்டா 36 மணித்தியாலம். சனி காலமை 9ல இருந்து எண்ணினா ஞாயிறு ராத்திரி 9. ராத்திரியில ஆரும் கடக்கப் போறதில்ல, அப்ப திங்கள் விடிய 6. கிரியை 9 மணிக்கு.

கடதாசியில பாத்தா மூண்டு மணித்தியாலம் மிச்சம் இருக்கு. ஆனா ரெண்டு விசயம் இந்தக் கணக்கில இல்ல. ஒண்டு, தண்ணி ஒரே வேகத்தில இறங்காது, முதல்ல சுறுக்கா இறங்கும், பிறகு மட்டக்களப்பு வாவி நிரம்பிக் கிடந்தா போக இடமில்லாம மெல்ல மெல்லத்தான் வத்தும். முகத்துவாரம் வெட்டி கடலுக்கு விட்டாச்சா எண்டு ஆக்கள் கேக்கிறது அதுக்குத்தான். மற்றது, இன்னொரு மழை வந்தா கணக்கு திரும்ப முதல்ல இருந்து தொடங்கும். அதால நான் பிடிக்கிற விதி, தடி சொல்லுற நேரத்தோட இன்னும் அரைவாசியைக் கூட்டுறது. 36 எண்டா 54. அப்பிடிப் பாத்தா திங்கள் பின்னேரம் 3 மணி. கிரியை முடிஞ்சு சாப்பாடும் முடிஞ்சிருக்கும்.

தண்ணி இன்னும் ஏறிக்கொண்டிருந்தா இந்தக் கணக்கே போட ஏலாது. வெட்டு தண்ணிக்குள்ள தாண்டா காத்திருக்கிற மணிக்கூடு இன்னும் தொடங்கவே இல்ல எண்டு அர்த்தம். அப்ப ஒண்டில் திரும்பி ஆரும் சொந்தக்காரர் வீட்டில போய்ப் படுக்கிறது, இல்லாட்டி மத்த ரெண்டு வழியில ஒண்டைப் பாக்கிறது.

இந்த இடத்தில மெசினைப் பத்திச் சொல்லாம விட ஏலாது. பெட்டியில ஏத்தி இருபது பேரக் கொண்டு போறதைப் பாத்தா ஆசை வரும், "அவங்க போறாங்க தானே" எண்டு. 2024 நவம்பர்ல காரைதீவு மாவடிப்பள்ளித் தாம்போதியில மத்ரஸாப் பிள்ளைகளை ஏத்திட்டு வந்த மெசின் வெள்ளத்தில அள்ளுப்பட்டு பிள்ளைகள் செத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மெசின் பாரம்தான், ஆனா பின்னால இழுக்கிற பெட்டி பாரமில்ல, அதுக்குப் பக்கப்பாட்டில தண்ணி முட்டினா முதல்ல பெட்டிதான் ரோட்டை விட்டு வழுகும், அது மெசினையும் சேத்து இழுக்கும். ஓட்டுறவர் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் தண்ணிக்குள்ள தாண்ட ரோட்டின்ட விளிம்பு அவருக்குத் தெரியாது. மட்டம் இறங்கிக்கொண்டு இருந்து, ரெண்டு பக்கமும் வெள்ளைக் கட்டைகள் வெளிய தெரிஞ்சு, தண்ணி அசையாம நிண்டா ஏறலாம். இதில ஒண்டு குறைஞ்சாலும் நான் பிள்ளையளை ஏத்த மாட்டன்.

தண்ணி எவ்வளவு வேகமா ஓடுது எண்டு பாக்க ஒரு லேசான வேல இருக்கு. கரையோரமா பத்து எட்டு நடந்து ரெண்டு முனையிலயும் அடையாளம் வையுங்க, மேல் முனையில ஒரு ஓலைத்துண்டைப் போட்டு அது கீழ் முனைக்கு வர மட்டும் எண்ணுங்க. நீங்க சாதாரணமா நடக்கிற வேகத்துக்கு ஓலையும் வந்தா அது பொல்லாத தண்ணி, முழங்காலளவு எண்டாலும் கால் வைக்க வேணாம். கரையோரத்தில இந்த வேகம் எண்டா நடுவில இன்னும் கூட.

சுத்துப்பாதை: முதல் நாள் கெட்டது, பிந்தின நாள் நல்லது

சுத்துப்பாதை எண்டு எங்கட ஊருக்கு இருக்கிறது செங்கலடியில இருந்து பதுளை வீதியால கரடியனாறுப் பக்கம் போய், உள்ளுக்க கிறுகி வயல்வெளியாலயும் காட்டாலயும் வாறது. நேர்ப்பாதையை விட நாலு மடங்கு தூரம், பாதி தார் பாதி கிறவல், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு யானை. கொழும்பில இருந்து மேப்பில பாக்கிறவனுக்கு இது நல்ல யோசனையாத் தெரியும், ஏனெண்டா மேப் தாம்போதிகளைக் காட்டாது.

சுத்துப்பாதை எண்டது ஆத்தைச் சுத்திப் போறதில்ல, அதே ஆத்தையும் அதில வந்து சேருற சின்ன ஆறுகளையும் மேல போய்க் கடக்கிறதுதான். இது விளங்கினா மிச்சம் எல்லாம் விளங்கும். வெள்ளம் மேல இருந்து கீழ வாறதால ஏறும்போது மேல இருக்கிற தாம்போதிதான் முதல் தாழும், கீழ இருக்கிற பாலம் பிறகுதான். இறங்கும்போதும் அப்பிடித்தான், மேல இருக்கிறது முதல்ல வெளிய வரும், கீழ கிரான்ல வாவியும் தள்ளிப் பிடிக்கிறதால கடைசியாத்தான் வத்தும். அதால வெள்ளம் ஏறுற நாள்ல சுத்துப்பாதையில போறவன் வழியில மாட்டுப்படுவான், முன்னுக்கும் போக ஏலாது பின்னுக்கும் வர ஏலாது. வெள்ளம் இறங்கிற நாள்ல அதுதான் முதல் திறக்கிற வழி.

அந்த சனிக்கிழமை நான் மாமாவைக் கொண்டு அந்தப் பக்கம் வயல் செய்யிற ஒராளுக்கு கோல் எடுக்கச் சொன்னன். "ரெண்டாம் தாம்போதியில முழங்காலுக்கு மேல போகுது, பஸ் வெள்ளிக்கிழமையில இருந்து இல்ல" எண்டு பதில். அப்ப அண்டைக்கு அது இல்ல. ஆனா அதை மனசில இருந்து வெட்டி எறியல்ல, ஞாயிறு மத்தியானம் திரும்பக் கேக்கிறது எண்டு வச்சன். பிறகு அது எப்பிடி உதவினது எண்டு சொல்றன்.

சுத்துப்பாதைக்கு வேன் பிடிக்கிறதெண்டா, வாடகை பேச முதல் ட்ரைவரோட ஒண்டு பேசி வையுங்க: தாம்போதியில தண்ணி கண்டா திரும்பிறது, அப்பவும் பாதிக் காசு. இதைப் பேசாட்டி அவர் காசுக்காக இறக்கிப் பாப்பார், நீங்களும் குடுத்த காசுக்காக "பரவாயில்ல போங்க" எண்டுவீங்க. வேன் தண்ணிக்குள்ள போற ஆயிரம் கதையில பாதிக்கு மேல இந்தக் காசுக்கதைதான்.

போட்: ஏறுறதுக்கு முதல் பாக்கிறது

அப்ப மிஞ்சினது போட். கிரான் பக்கம் வெள்ள நாள்ல பிரதேச செயலகம் ஒழுங்கு பண்ணுற போட் ஓடும், சில நேரம் நேவியும் வரும், அதை விட மீன்பிடிக்கிற ஆக்களின்ட வள்ளங்களும் ஓடும். கொஞ்சம் தள்ளி சந்திவெளியில இருந்து திகிலிவெட்டைக்கும் போட் இருக்கு, அது வெள்ளத்துக்கு மட்டும் எண்டில்ல, அந்தச் சனத்தின்ட வழமையான வழியே அதுதான். உங்கட ஊர் எந்தப் பக்கம் எண்டதைப் பாத்து எது கிட்ட எண்டு முடிவெடுங்க.

போட் எண்டாலே பயப்பிடுற ஆக்களும் இருக்கிறாங்க, போட் எண்டாலே பாதுகாப்பு எண்டு நினைக்கிற ஆக்களும் இருக்கிறாங்க. 2021 நவம்பர்ல கிண்ணியா குறிஞ்சாக்கேணியில பாலம் கட்டுற நேரம் ஓடின மிதப்புப் பாதை கவிண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்தாங்க. அது வெள்ளமும் இல்ல, புயலும் இல்ல, நாளாந்தம் போய் வாற துறைதான். தண்ணியை விட, எத்தின பேரை எப்பிடி ஏத்தினது எண்டதுதான் ஆளைக் கொல்லுறது.

நான் பாக்கிறது முதல்ல போட்டின்ட விளிம்பு. எல்லாரும் ஏறினாப் பிறகு தண்ணிக்கும் விளிம்புக்கும் இடையில குறைஞ்சது ஒரு சாண் இருக்கணும். ஒரு சாணை விடக் குறைஞ்சா இறங்கிடுவன், வெக்கம் பாக்கிறதில்ல. மோட்டசைக்கிள் ஏத்தினா அதை ரெண்டு ஆளா எண்ணணும், அதோட அது உயரத்தில பாரம், ஒரு பக்கம் சாஞ்சா போட்டையும் சேத்துச் சாய்க்கும். மோட்டசைக்கிள் ஏத்தின போட்டில நான் ஏறுறதில்ல, அதுக்கு ஒரு ட்ரிப் தனியாப் போகட்டும். அரிசி மூட்டை எண்டா அடியில, நடுவில. அதுக்கு மேல பிள்ளையை இருத்தக் கூடாது, எல்லாரும் அதைத்தான் செய்வாங்க.

அடுத்தது எந்த இடத்தால கடக்குது எண்டது. இதை நிறையப் பேர் யோசிக்கிறதில்ல. பாலத்துக்கு மேல்பக்கத்தால, அதாவது தண்ணி வாற பக்கத்தால கடக்கிற போட்டின்ட இஞ்சின் நடுவில நிண்டா அது நேரா வந்து தாண்ட பாலத்தின்ட கட்டையிலயும் கம்பியிலயும் முட்டும், தண்ணி அதைச் சாத்தி அமத்திப் பிடிக்கும், கவிழ்றதுக்கு ஒரு நிமிசம் போதும். கீழ்பக்கத்தால கடந்தா இஞ்சின் நிண்டாலும் போட் திறந்த வெளிக்கு இழுபட்டுப் போகும், கம்பு ஊண்டி எங்கயாவது கரை பிடிக்கலாம். இஞ்சின் நிக்கிறது ஆச்சரியமான விசயமும் இல்ல, ஆற்றுவாழை மிதந்து வந்து விசிறியில சுத்தும், நான் போன போட்டிலயே ஒருக்கா நிண்டது, ஓட்டின தம்பி குனிஞ்சு கையால பிடுங்கி எறிஞ்சிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ண நாங்க ஒரு நூறு மீற்றர் கீழ போயிட்டம். ரெண்டாவது ஆள் கம்போட நிண்டபடியால் பயமில்ல. ஒராள் மட்டும் ஓட்டுற போட்டெண்டா அது இல்ல.

லைஃப் ஜக்கெட் இருக்கா எண்டு கேளுங்க, இருந்தா அதை மடியில வச்சிருக்காம போடுங்க, பட்டியை இறுக்குங்க. பிள்ளைக்குப் பெரிய ஆள்ட ஜக்கெட்டைப் போட்டா தண்ணியில விழேக்க ஜக்கெட் மேல வரும் பிள்ளை கீழ போகும். காலுக்கிடையால ஒரு துணியைக் குடுத்து முன்னுக்கும் பின்னுக்கும் கட்டணும், மருமகனுக்கு நான் அம்மாட சால்வையாலதான் கட்டினன்.

பின்னேரம் 4 மணிக்குப் பிறகு போட் வேணாம் எண்டுதான் நான் சொல்லுவன், ஆத்தில பயம் எண்டதால இல்ல, அங்கால இறங்கினாப் பிறகு என்ன எண்டதுதான். அதுக்கு முதல் வருசம் நான் தனியா நாலரைக்குக் கடந்து இறங்கினா மெசின் எல்லாம் போயிட்டுது. அஞ்சு கிலோமீற்றர் டோர்ச் அடிச்சுக்கொண்டு நடை, வழியில ஒரு வாடிக்காரர் கூப்பிட்டு "தம்பி, முன்னால யானை நிக்குது, இருந்து போ" எண்டு சொல்லி வச்சிருந்து, யானைவெடி போட்டுத்தான் அனுப்பினவர். போட் உங்களைப் பாதித்தூரம்தான் கொண்டு போகும். மற்றப் பாதிக்கு ஆள் நிக்குதா எண்டு போட் ஏற முதலே கோல் எடுங்க, ஏறினாப் பிறகு சிக்னல் இருக்குமோ தெரியாது.

நாங்க என்ன செய்தம்

9 மணிக்கு தடி, சில்லு, மூண்டு பக்கத்துக் கோல் எல்லாம் வச்சுப் பாத்தா படம் தெளிவு. காத்திருந்தா கிரியை தப்பும். சுத்துப்பாதை அண்டைக்கு இல்ல. போட் ஓடுது, தண்ணி இறங்குது, காத்தில்ல. ஆனா அம்மாவையும் 50 கிலோ மூட்டையையும் பானையையும் ஒண்டா ஏத்தினா அந்த ஒரு சாண் இருக்காது.

இதில நான் முந்தி விட்ட பிழை, எல்லாரும் எல்லாச் சாமானும் ஒரே வழியில ஒரே நேரத்தில போகணும் எண்டு நினைச்சது. ஆக்கள் வேற, சாமான் வேற. கிரியைக்கு ஆக்கள் திங்கள் விடியமுதல் நிக்கணும், அரிசி ஞாயிறு ராத்திரிக்குள்ள வந்தாப் போதும், பெரிய பானை ஊர்க் கோயில்ல இரவல் எடுக்கலாம். அப்ப ஆக்களும் மருந்தும் கிரியைச் சாமானும் போட்டில, அரிசியும் மரக்கறியும் கிரான் கடையில, பானை ரெண்டும் திரும்பப் போற வரைக்கும் அதே கடையில.

அம்மாவை ஏத்துறதுதான் கஷ்டமா இருந்திச்சு. போட் முட்டுற இடம் சேறு, முழங்கால் மடிக்க ஏலாத ஆளுக்கு விளிம்பைத் தாண்டிக் கால் போடுறது லேசில்ல. கடையில ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்கி, அம்மாவை இருத்தி, ரெண்டு பெடியன்கள் அப்பிடியே தூக்கிக் கொண்டு போய் போட்டுக்குள்ளயே வச்சாங்க, பிறகு கதிரையை எடுத்திட்டு அம்மாவை அடியில பாய் போட்டு இருத்தினம். கதிரையிலயே இருந்து போகலாம் எண்டு அம்மா சொன்னா, "இதுதான் எனக்கு நல்லம்" எண்டு. விடேல்ல. போட்டுக்குள்ள உயரத்தில இருக்கிற ஆள்தான் முதல் விழுறது. இன்சுலின், குளிசை, போன், காசு எல்லாம் ஒரு பொலித்தீனில கட்டி என்ட உடம்பிலயே. பேக்குக்குள்ள வைக்கிறதில்ல, பேக் வேற போட்டில போயிடும்.

10 மணிக்கு ஏறினம், வரிசையில நிண்ட நேரம் ஒரு மணித்தியாலம், ஆத்தில இருந்தது கால் மணித்தியாலம் கூட இல்ல, அங்கால மாமா மெசினோட நிண்டார், 12 மணிக்கு முதல் வீடு.

ஞாயிறு மத்தியானம் திரும்ப அந்த வயல்காரருக்கு கோல் எடுத்தம். ரெண்டாம் தாம்போதியில தார் தெரியுதாம், ஒரு பக்கத்தால நாலு விரல் தண்ணிதான், அசையாம நிக்குதாம். கிரான்ல அந்த நேரம் இன்னும் ஒண்டரை அடிக்கு மேல. அரிசியையும் மரக்கறியையும் கடைக்காரர் ஒரு லான்ட்மாஸ்டர்ல ஏத்தி செங்கலடிப் பக்கத்தால அனுப்பினார், பின்னேரம் 5 மணிக்கு வந்து சேந்திச்சு. தக்காளிப்பழம் பாதி நசிஞ்சு போச்சு, அதைத் தவிர எல்லாம் சரி.

தடிக்கணக்கு சரியா வந்திச்சா எண்டு கேப்பீங்க. திங்கள் விடிய 6 மணிக்கு கிரான்ல இருந்து போட்டோ அனுப்பினாங்க, இன்னும் ஒரு அடி தண்ணி. 6 அங்குலத்துக்கு வந்தது திங்கள் இரவு. அரைவாசி கூட்டினதும் காணாமப் போச்சு, ஞாயிறு இரவு பெய்ஞ்ச ஒரு மழையால.

திரும்பி வாறது

செவ்வாய் மத்தியானம் ரோட் வெளிய வந்திட்டுது, போட்டும் நிப்பாட்டிட்டாங்க. தண்ணி வத்தின முதல் நாள் ரோட்டையும் நம்பக் கூடாது. வெளிய தெரியிறது தார்தான், அதுக்குக் கீழ மண்ணை ஆறு அரிச்சுக் கொண்டு போயிருக்கும், ஓரத்தில சில்லு வச்சா உடைஞ்சு இறங்கும். ஒரு மெசின் வெறும் பெட்டியோட முன்னுக்குப் போகட்டும், அது போன தடத்திலயே ஓட்டோவை விடச் சொன்னன், பாலத்தடியில அம்மாவைத் தவிர நாங்க மூண்டு பேரும் இறங்கி நடந்தம். நடுவுக்கு வரேக்க பாத்தா வலது பக்கம் ரோட்டின்ட விளிம்பு ரெண்டு முழத்துக்கு இல்ல, கீழ தண்ணி சுழிச்சுக்கொண்டு நிக்குது, சனிக்கிழமை காலமை மெசின்கள் எல்லாம் கடந்து வந்தது அந்தப் பக்கத்தாலதான்.